பாடத்திட்டமும் பதினெட்டு டிக்கும்

எங்கள் வீட்டுத் தங்கமணி கல்யாணமாகி, பையன் பத்தாவது தாண்டின பிறகு, 2017-ல் இங்கே கொல்கத்தாவில் பி.எட். சேர்ந்தார். எம்.எஸ்.ஸி. கணக்கு படித்துவிட்டுப் பல வருஷம் வீட்டில் இருந்தவர். பி.எட். என்றால் முன்பு மாதிரி ஒரு வருஷ சமாச்சாரம் இல்லை. ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு இரண்டு வருஷம். அதில் இருபது வாரம் பள்ளிக்கூடத்தோடு சம்பந்தப்பட்டது, இரண்டாம் வருஷத்தில் மட்டும் பதினாறு வாரம். அந்தப் பதினாறு வாரத்தில் எடுக்கிற ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே பாடத்திட்டம் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் வகுப்புக்குள் போக முடியாது. போகாத வகுப்பு கணக்கில் வராது.

பாடத்திட்டத்தோடு கல்லூரியில் ஒரு பட்டியலும் கொடுத்திருந்தார்கள். சமர்ப்பிக்கும் முன் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று பதினெட்டு கேள்வி. நோக்கங்கள் தெளிவாக உள்ளனவா? முன்னறிவு சோதிக்கப்பட்டுள்ளதா? துணைக்கருவி பொருத்தமானதா? நேரப் பங்கீடு சரியாக உள்ளதா? மதிப்பீடு நோக்கங்களுக்கு ஏற்ப உள்ளதா? எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

தங்கமணியின் முதல் கணக்குத் திட்டம், எட்டாம் வகுப்புக்குக் கூட்டு வட்டி. பதினெட்டுக்கும் 'ஆம்' டிக் போட்டுக் கொடுத்தார். மறுநாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. திருத்திக் கொடுத்தார், பதினெட்டு டிக்கோடு. மறுபடியும் திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: குழந்தைகள் என்ன செய்யப் போகிறார்கள் என்று இதில் தெரியவில்லை.

"எல்லாம்தான் எழுதியிருக்கேங்க, இன்னும் என்ன வேணுமாம்?" என்று தங்கமணி சாப்பாட்டு மேஜையில் நோட்டைப் போட்டார். இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாவது முறையும் திரும்பினால் அந்த வார வகுப்புகள் போச்சு. பி.எட். வேண்டாம் என்கிற பேச்சு அன்றைக்குத்தான் முதல்முறையாக வீட்டில் எழுந்தது.

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்பதில் ஒரு சௌகரியம், வாழை இலைக்கும் காப்பிப் பொடிக்கும் அலைய வேண்டாம் என்பது மட்டுமில்லை, எந்தச் சந்தேகத்துக்கும் நாலு வீடு தள்ளி ஒரு தமிழ் மாமி இருப்பார். எங்கள் கட்டடத்து மாமி சென்னையில் முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர். ரிடையர் ஆனதும் மகனோடு இங்கே வந்துவிட்டார். ஊரில் பாடக்குறிப்பு நோட்டு எழுதி, தலைமையாசிரியர் மேஜையில் வைத்துக் கையெழுத்து வாங்கிப் பழகிய கை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைக் கால் மணி நேரம் படித்தார். பிறகு பதினெட்டு டிக் போட்ட தாளை எடுத்துப் பார்த்தார்.

"ஏன்டிம்மா, இதுல எல்லாம் 'இருக்கா, இருக்கா'ன்னு கேட்டா 'இருக்கு, இருக்கு'ன்னுதானே சொல்லத் தோணும்? 'எங்கே இருக்கு'ன்னு கேட்டுப் பாரேன்."

இந்தப் பதிவே அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

எனக்கு அது உடனே பிடிபட்டது, காரணம் என் வேலை. கடன் விண்ணப்பத்தை மேலிடத்துக்கு அனுப்பும் முன் நாங்களும் பட்டியல் வைத்துச் சரிபார்ப்போம். 'அடையாள ஆவணம் பெறப்பட்டதா?' என்று இருந்தால் பேனா தானாக 'ஆம்' போட்டுவிட்டுப் போகும். 'ஆவணத்தின் எண் என்ன?' என்று இருந்தால் ஃபைலைத் திறந்தே ஆகவேண்டும். திறந்தால்தான் அது போன வருஷமே காலாவதியானது என்று கண்ணில் படும். கேள்வி ஒன்றுதான், பதில் எழுதுகிற இடத்தில்தான் வித்தியாசம். டிக் போட இடம் இருந்தால் மனசு பதில் சொல்லும், எண் எழுத இடம் இருந்தால் கண் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்றிரவு மூவரும் உட்கார்ந்து கல்லூரிப் பட்டியலில் ஐந்தை மட்டும் எடுத்து, டிக் போட முடியாதபடி மாற்றினோம். மீதிப் பதின்மூன்று தேதி, வகுப்பு, மாணவர் எண்ணிக்கை, கையெழுத்து போன்றவை. அவற்றுக்கு டிக்கே போதும்.

1. ஒவ்வொரு நோக்கத்துக்கும்: பாடம் முடிந்ததும் என் கண்ணுக்கோ காதுக்கோ என்ன தெரியும்?

தங்கமணி எழுதியிருந்த நோக்கங்கள் நாலு. கூட்டு வட்டியின் வரையறையை அறிவர். தனி வட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வர். சூத்திரத்தை வருவித்துப் பயன்படுத்துவர். அன்றாட வாழ்வில் கூட்டு வட்டியின் பங்கை உணர்வர்.

அறிவர், புரிந்துகொள்வர், உணர்வர். இதெல்லாம் பையன் தலைக்குள் நடப்பது, வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. ராபர்ட் மேகர் என்கிற அமெரிக்கர் 1962-ல் இதற்கென்றே ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஒரு நோக்கம் என்றால் மாணவர் என்ன செய்வார், எதைக் கொடுத்தால் செய்வார், எவ்வளவு சரியாகச் செய்தால் போதும் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பி.எட். படித்தவர்கள் எல்லோரும் பரீட்சைக்கு இதை எழுதியிருப்பார்கள். திட்டம் எழுதும்போது மறந்துபோகும்.

மாற்றி எழுதியது இப்படி: 'ஒரு அசல், வட்டி விகிதம், இரண்டு ஆண்டு கொடுத்தால், சூத்திரம் இல்லாமல் ஆண்டுவாரியாக அட்டவணை போட்டுக் கூட்டு வட்டியைப் பிழையின்றிக் காண்பர்.' இரண்டாவது: 'அதே தொகைக்குத் தனி வட்டியையும் கண்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வாக்கியத்தில் சொல்வர்.' அவ்வளவுதான். நாலு இரண்டாகிவிட்டது. சூத்திரம் மறுநாளைக்கு.

2. இந்த நோக்கத்துக்கான செயல் எந்த நிமிடத்தில்? அதைச் சோதிக்கும் கேள்வியின் எண் என்ன?

மாமி மூன்று கலர் பென்சில் கேட்டார். முதல் நோக்கத்தின் கீழே சிவப்புக் கோடு, வகுப்பில் அது நடக்கிற இடத்தில் சிவப்புக் கோடு, கடைசியில் அதைச் சோதிக்கிற கேள்வியிலும் சிவப்புக் கோடு. அடுத்ததற்கு நீலம், அதற்கடுத்ததற்குப் பச்சை. நாலாவதுக்குச் சமையலறையிலிருந்து மஞ்சள் தூள் கொண்டு வரவா என்று கேட்டேன், யாரும் சிரிக்கவில்லை.

பழைய திட்டத்தில் கோடு போட்டதும் விஷயம் அப்பட்டமாகத் தெரிந்தது. மதிப்பீட்டுக் கேள்விகள் மூன்று: கூட்டு வட்டி என்றால் என்ன, சூத்திரம் என்ன, சூத்திரத்தில் வருகிற n எதைக் குறிக்கிறது. மூன்றும் மனப்பாடம். 'வேறுபாடு' என்கிற நீலக் கோடு நோக்கத்தில் இருந்தது, கேள்வியில் இல்லை. 'அன்றாட வாழ்வு' நோக்கத்தில் மட்டும் இருந்தது, நாற்பது நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட அதற்கு இல்லை. ஆனாலும் கல்லூரித் தாளில் 'மதிப்பீடு நோக்கங்களுக்கு ஏற்ப உள்ளதா' என்பதற்கு எதிரே 'ஆம்'. பொய் சொல்லவில்லை. மதிப்பீடு என்று ஒரு பத்தி இருக்கத்தானே செய்தது?

3. நிமிடங்களின் கூட்டுத்தொகை எவ்வளவு?

நேரம் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் எழுதியிருந்தது, யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. நான் பேங்க்காரன், கூட்டினேன். ஆயத்தம் 8, பாட அறிவிப்பு 2, விளக்கம் 15, சூத்திரம் வருவித்தல் 10, இரண்டு கணக்கு 12, மதிப்பீடு 5, வீட்டுப்பாடம் 3. ஆகமொத்தம் 55. பீரியட் 40 நிமிடம்.

அதிலும் குழந்தைகள் உட்கார்ந்து, வருகைப் பதிவு முடிய நாலு நிமிடம் போகும் என்றார் மாமி. கையில் இருப்பது 36. அதிகப்படியான நேரம் எப்போதும் கடைசியில்தான் இடிக்கும், கடைசியில் இருப்பது மதிப்பீடு. அதாவது பாடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள வைத்திருந்த அந்த ஐந்து நிமிடம்தான் மணி அடித்ததும் முதலில் காணாமல் போகும்.

புதுக் கணக்கு: உட்கார 4, ஆயத்தக் கேள்வி 4, கரும்பலகையில் ஒரு கணக்கு 10, குழந்தைகள் தாங்களாகப் போடுவது 10, ஒப்பிடுதல் 5, மதிப்பீடு 5, வீட்டுப்பாடம் 2. நாற்பது.

4. எண்களை நானே மாணவன் மாதிரி போட்டேனா? முதல் வரியில் என்ன வந்தது?

பழைய திட்டத்தில் எடுத்துக்காட்டு: 3,475 ரூபாய், 7.5 சதவீதம், மூன்று வருஷம். நிஜ வாழ்க்கை மாதிரி இருக்கட்டும் என்று தங்கமணி போட்டது. 'முதல் வரியில் என்ன வந்தது' என்று எழுதச் சொன்னதும் பென்சிலை எடுத்தார். 260.625. முதல் வருஷத்திலேயே தசமத்துக்குப் பிறகு மூன்று இலக்கம். இரண்டாம் வருஷம் போவதற்குள் பாதி வகுப்பு பெருக்கலில் மூழ்கிவிடும், வட்டிக்கு வட்டி என்கிற விஷயம் கரையிலேயே நின்றுவிடும்.

கரும்பலகைக்கு 10,000 ரூபாய், 10 சதவீதம் என்று மாற்றினோம். முதல் வருஷ வட்டி 1,000, அடுத்தது 1,100, அதற்கடுத்தது 1,210. கூட்டு வட்டி 3,310, தனி வட்டி 3,000. கண்ணால் பார்த்தாலே ஏறுவது தெரிகிறது. ஆனால் பத்து சதவீதத்தில் ஒரு ஆபத்து உண்டு. கடைசி சைபரை அடித்துவிட்டால் பதில் வந்துவிடும், குழந்தை என்ன செய்கிறது என்று யோசிக்காமலே சரியாகப் போடும். அதனால் அவர்கள் தாங்களாகப் போடுகிற கணக்கு வேறு: 8,000 ரூபாய், 5 சதவீதம், இரண்டு வருஷம். முதல் வருஷம் 400. இரண்டாம் வருஷம் 8,400-க்கு 420. மொத்தம் 820. தனி வட்டி என்றால் 800. வித்தியாசம் 20. அந்த இருபது எங்கிருந்து வந்தது? முதல் வருஷ வட்டியான 400-க்கு ஐந்து சதவீதம். பாடம் முழுக்க அந்த இருபது ரூபாயில் இருக்கிறது.

இங்கே என் பங்குக்கு ஒன்று சொன்னேன். கணக்கில் 'ஆண்டுக்கு ஒருமுறை கூட்டப்படும்' என்ற வார்த்தை இல்லை. பேங்க்கில் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவோம். அப்படிப் போட்டால் அதே 8,000-க்கு இரண்டு வருஷத்தில் 820 வராது, 835 ரூபாய் 89 பைசா வரும். வீட்டில் டெபாசிட் ரசீது பார்த்த ஒரு பையன் கேட்டால் வகுப்பு திசை மாறிவிடும். அந்த வார்த்தையைச் சேர்த்தோம்.

5. குழந்தைகள் சொல்லப் போகும் இரண்டு தப்பான பதில்கள் என்ன? அப்போது நான் கேட்கப் போவது என்ன?

பாடத்திட்டத்தில் ஆசிரியர் செயல், மாணவர் செயல் என்று இரண்டு பத்தி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தங்கமணியின் மாணவர் பத்தியில் மேலிருந்து கீழ்வரை 'கவனிப்பர்', 'விடையளிப்பர்', 'குறிப்பெடுப்பர்'. மேற்பார்வையாளரின் அந்த ஒரு வரி இதைத்தான் சொன்னது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

8,000 ரூபாய்க் கணக்குக்குத் தப்பான பதில் இரண்டு எழுதினோம். ஒன்று, 800. இரண்டாம் வருஷமும் பழைய அசலுக்கே வட்டி போட்டிருக்கிறது. கேட்க வேண்டியது: 'இரண்டாம் வருஷம் ஆரம்பிக்கும்போது கணக்கில் எவ்வளவு பணம் இருந்தது?' இன்னொன்று, 8,820. கணக்குச் சரி, ஆனால் வட்டியைக் கேட்டால் மொத்தத் தொகையைச் சொல்கிறது. கேட்க வேண்டியது: 'இதில் நீ போட்டது எவ்வளவு, பேங்க் கொடுத்தது எவ்வளவு?' இரண்டு தப்பும் வேறு வேறு நோய். 'தப்பு, மறுபடி போடு' என்று இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்றும் குணமாகாது.

இந்த ஐந்தாவது கேள்வியில் ஒரு உபகேள்வியும் சேர்ந்தது, அது நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு மட்டும். பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம், ஆனால் குழந்தைகள் வீட்டில் பேசுவது பெங்காலி, கொஞ்சம் பேர் இந்தி. தங்கமணியின் பெங்காலி லேக் மார்க்கெட் காய்கறிக்காரரிடம் கற்ற பெங்காலி. கத்திரிக்காய்க்கு பேரம் பேசலாம், வட்டி சொல்லித்தர முடியாது. ஆகவே: 'இந்தப் பாடத்தின் மூன்று முக்கியச் சொற்களுக்குக் குழந்தை வீட்டில் என்ன சொல்லும்?' என் ஆபீஸ் பெங்காலி நண்பரிடம் ஃபோனில் கேட்டேன். வட்டிக்கு 'சூத்'. கூட்டு வட்டிக்கு 'சக்ரவிருத்தி', அவர்கள் உச்சரிப்பில் 'சொக்ரோப்ரித்தி'. முதலுக்கு 'ஆசல்'.

ஆசல்! நம்ம ஊர் அசலேதான். இரண்டுமே அரபிச் சொல்லிலிருந்து வந்தவை. மாமி உடனே, தன் பாட்டி காலத்தில் கூட்டு வட்டியைச் 'சக்கர வட்டி' என்பார்கள் என்றார். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வந்தும் கடன்காரன் பாஷை மட்டும் மாறவில்லை பாருங்கள்.

மூன்றாவது முறை திட்டம் கையெழுத்தோடு திரும்பியது. மேற்பார்வையாளர் தப்பான பதில்கள் எழுதிய இடத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து 'நன்று' என்று போட்டிருந்தார். வகுப்பில் என்ன ஆனது என்று கேட்டால், எதிர்பார்த்த 800 வந்தது, 8,820-ம் வந்தது. எதிர்பார்க்காத 1,220-ம் வந்தது. 400, 420 இரண்டையும் கூட்டி, மறுபடி ஒரு 400 சேர்த்திருக்கிறது ஒரு பெண். அவளிடம் கேட்கத் தங்கமணியிடம் தயாராகக் கேள்வி இல்லை. அட்டவணையை விரலால் தொட்டு வரிவரியாகச் சொல்லச் சொன்னார், அவளே கண்டுபிடித்துவிட்டாள். கடைசியில் இருபது ரூபாய் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், 'சூதேர் சூத்' என்றானாம். வட்டியின் வட்டி.

இந்தப் பட்டியலுக்கும் எல்லை உண்டு. திட்டத்தில் எழுதியது ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்றுதான் இது சொல்லும். அந்தக் குழந்தைகளுக்கு இன்றைக்கு இந்தப் பாடம் வேண்டுமா, சதவீதமே தடுமாறுகிறதா என்று சொல்லாது. அதற்கு முதல் நாளே அந்த வகுப்பின் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அல்லது வகுப்பு ஆசிரியரைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, எந்தப் பட்டியலும் பழகிவிடும். நாலாவது வாரத்தில் மாமி ஒரு நாள் நோட்டைப் புரட்டிவிட்டு, தப்பான பதில்கள் எல்லாத் திட்டத்திலும் ஒரே மாதிரி இருப்பதைக் காட்டினார். 'கூட்டலில் பிழை செய்வர்', 'கூட்டலில் பிழை செய்வர்'. அது ஏறக்குறைய டிக்காக மாறிவிட்டது. இந்தப் பாடத்தின் எண்கள் இல்லாத பதில், வேறு எந்தப் பாடத்திலும் ஒட்டக்கூடிய பதில், பதிலே இல்லை என்று அன்றிலிருந்து விதி. அடுத்த திட்டத்தின் பதிலை இதில் ஒட்டிப் பார்ப்பது, ஒட்டினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவது.

தங்கமணி 2019-ல் பி.எட். முடித்தார். அந்த ஐந்து கேள்வித் தாளைக் கேட்டு இரண்டு ஜூனியர் பெண்கள் வீட்டுக்கே வந்தார்கள். அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கத் தங்கமணி மறுத்துவிட்டார். கேள்விகளை மட்டும் சொல்லி, அவரவர் பாடத்துக்கு அவரவரே எழுதிக்கொள்ளச் சொன்னார். அறிவியல் எடுக்கிற பெண்ணுக்கு நாலாவது கேள்வி எண்களைப் பற்றியதில்லை, 'சோதனையை நானே செய்து பார்த்தேனா, எத்தனை நிமிடத்தில் நிறம் மாறியது?' என்று ஆயிற்று.

பி.கு: மாமி இப்போது பெங்களூரில் இளைய மகனோடு இருக்கிறார். இதைப் படித்தால், மாமி, அந்த மூன்று கலர் பென்சிலும் இன்னும் எங்கள் மேஜை டிராயரில்தான் இருக்கின்றன. பச்சை மட்டும் ரொம்பக் குட்டையாகிவிட்டது.